சதுர அடிக்கு இரண்டு காசு

கலாவதி அக்காவைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல நிறைய பேர் இருக்கிறார்கள். சுங்கை கெளாடி தோட்டத்திலிருந்து வெளியேறிய இருபத்திரண்டு குடும்பங்களில் பதினாறு குடும்பம், அவர் கணக்குப் போட்டுக் கொடுத்த வாடகை வீட்டில்தான் இன்று குடியிருக்கிறது. கோயில் கூட்டத்தில் சால்வை போட்டார்கள், கை தட்டினார்கள், நானும் தட்டினேன். நான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. அவர் தனக்கென்று பார்த்து வைத்த வீட்டில் குடியிருப்பவன் நான்.

என் பெயர் ரவீந்திரன். பத்தொன்பது வருஷம் அந்தத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினேன். அக்கா தராசுக் கிராணி, எடை எழுதும் குமாஸ்தா. குலையோடு லோரி தராசு மேடையில் ஏறும், அவர் எடையைப் பார்த்து எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் சன்னலைத் திறந்து, நிற்கிறவர்கள் காதில் விழுகிற மாதிரி உரக்கப் படிப்பார். அவருக்கு முன்னால் இருந்த கிராணி எடையில் கை வைத்தவன். குலை வெட்டுகிறவர்கள் வயிற்றில் அடித்து அவன் கிள்ளானில் வீடு கட்டினான் என்று சொல்வார்கள். அதனால் அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே இந்தப் பழக்கம். மழையானாலும் சன்னல் திறக்கும், எண் வெளியே வரும், பிறகுதான் பேனா. எங்களுக்கு அது சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும். பசியோடு நிற்கிறவனுக்கு எதற்கு இத்தனை நியாயம்?

அக்கா பள்ளியில் ஐந்தாம் படிவம் வரை படித்தவர். ரப்பர்ப் பால்மரம் வெட்டிய அப்பாவுக்கு ஒரே மகள். கணவர் சத்தியசீலன் மாமா வெளிக்காட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். குரல் கொடுத்தால் மூன்று நிரைக்கு அப்பால் இருப்பவன்கூட முதுகை நிமிர்த்துவான். பிள்ளை கிடையாது. மாமாவுக்குச் சர்க்கரை முற்றி, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அடுத்த வருஷம் சிறுநீரகமும் கைவிட்டது. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் டயாலிசிஸ். தோட்டத்து வேன் ஒன்று காலை ஏழு மணிக்கு வந்து, புக்கிட் செந்தோசா பக்கத்தில் இருக்கும் நிலையத்துக்கு அவரைக் கொண்டுபோகும். அக்காவும் கூடப் போய், பிறகு வந்து வேலையைப் பார்ப்பார்.

இந்த நிலையில்தான் தோட்டம் கைமாறியது. புதுக் கம்பெனி செம்பனையைச் சாய்த்து வீடு கட்டப் போகிறதாம். மார்ச் முப்பத்தொன்றுக்குள் தோட்டத்து லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும், குடும்பத்துக்கு ஏழாயிரம் வெள்ளி பணம் தருவோம் என்று ஜனவரியில் ஒரு கடிதம். எங்கள் லயத்தை இடித்துக் கட்டப் போகும் வீட்டின் படத்தைக் கடிதத்தின் மேலேயே அச்சடித்திருந்தார்கள். என்ன கொழுப்பு பாருங்கள்.

லயத்தில் பிறந்தவனுக்கு வாடகை என்றால் என்ன தெரியும்? சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். திடீரென்று ஆளாளுக்குப் போனில் வீடு தேட ஆரம்பித்தோம். ஒருவன் ஒரு விளம்பரத்தைப் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவான். "மலிவுலா, எடுத்துருவோமா?" என்று கேட்பான். இன்னொருவன் அதைவிட மலிவு என்று வேறொன்றைப் போடுவான். ஒரே நாளில் நாற்பது படம் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் வாடகை மட்டும் பெரிய எழுத்தில் இருக்கும், மற்றதெல்லாம் எறும்பு எழுத்து.

முதலில் மாட்டிக்கொண்டவன் டிராக்டர் ஓட்டும் சோமு. செரண்டாவில் ஒரு தரை வீடு, மாதம் எழுநூற்றைம்பது வெள்ளி, இருபதுக்கு அறுபத்தைந்து என்று போட்டிருந்தது. பெருக்கினால் ஆயிரத்து முந்நூறு சதுர அடி. "அம்பத்தெட்டு காசுதான் வருது ஒரு சதுர அடிக்கு! அடுக்குமாடில தொண்ணூறு காசு கேக்கிறானுங்க" என்று குதித்தான். அந்த ஒரு சதுர அடிக் கணக்கை அவனுக்கு எவனோ சொல்லிக் கொடுத்திருந்தான், பாதியாக. ஏஜெண்டுக்கு இருநூறு வெள்ளி புக்கிங் அனுப்பிவிட்டுத்தான் அக்காவிடம் வந்து காட்டினான்.

அக்கா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"சோமு, இது நெலத்தோட அளவுப்பா. முன்னாடி கார் நிறுத்துற எடம், பின்னாடி துணி காயப் போடுற எடம், எல்லாம் சேத்து. கூரைக்குக் கீழ எவ்வளவுன்னு கேட்டியா?"

"வீடுன்னா எல்லாம் வீடுதானக்கா."

"மழை பெஞ்சா கார் நிறுத்துற எடத்துல படுப்பியா?"

போன் போட்டுக் கேட்டார். கட்டடம் எழுநூற்று அறுபது சதுர அடிதான். ஐம்பத்தெட்டு காசு ஒரே நிமிடத்தில் தொண்ணூற்றொன்பது காசு ஆனது. சோமு புக்கிங் பணத்தைத் திருப்பிக் கேட்டான். ஏஜெண்டு அவன் எண்ணைத் தடுத்துவிட்டான். இருநூறு வெள்ளி கிணற்றில் போட்ட கல்.

அன்றைக்கே அக்கா குழுவில் ஒரு செய்தி போட்டார். எல்லாரும் படத்தை எனக்கு அனுப்புங்கள், நான் கணக்குப் போட்டு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு எல்லாருக்கும் பொதுவாகப் போடுகிறேன், அதுவரை யாரும் பணம் கட்டாதீர்கள். அப்படி ஆரம்பித்ததுதான்.

அவர் முறையைச் சொல்கிறேன். நான் அதைத் திருடப் பயன்படுத்தியவன், எனக்கு நன்றாகத் தெரியும். நீள நோட்டில் வீட்டுக்கு ஒரு வரி. முதலில் வாடகை. அடுத்தது மெயின்டனன்ஸ். அடுக்குமாடி என்றால் காவல், குப்பை, விளக்கு என்று மாதா மாதம் ஒரு கட்டணம் உண்டு. அதை வீட்டுக்காரன் கட்டுகிறானா, குடியிருப்பவன் தலையில் கட்டுகிறானா என்று ஒவ்வொரு ஏஜெண்டையும் கூப்பிட்டுக் கேட்பார். குடியிருப்பவன்தான் என்றால் வாடகையோடு கூட்டிவிடுவார். தரை வீட்டுக்கு அது கிடையாது. கூட்டியதைக் கூரைக்குக் கீழே உள்ள சதுர அடியால் வகுப்பார். அது ஒரு எண்.

பிறகு முன்பணம். இங்கே பெரும்பாலும் இரண்டு மாத வாடகை முன்பணம், தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாதம். முதல் மாத வாடகையும் சேர்த்து, சாவி வாங்கும் நாளில் மூன்றரை மாதப் பணம் கையில் வேண்டும். முன்பணம் திரும்பி வர வேண்டிய பணம், அது வாடகை இல்லை என்று எங்களுக்கு விளக்குவார். ஆனாலும் அந்த இரண்டரை மாதப் பணத்தை, ஒப்பந்தம் இரண்டு வருஷம் என்பதால், இருபத்து நான்கால் வகுத்து, மாதச் செலவோடு கூட்டி, இரண்டாவதாக ஓர் எண் எழுதுவார்.

"திரும்பி வர்ற பணத்த ஏன்க்கா கூட்றீங்க?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருஷம் கழிச்சு செவுத்துல ஆணி அடிச்சேன்னு பிடிப்பான், பைப்பு ஒழுகுதுன்னு பிடிப்பான். வந்தா மொத எண்ணு, வராட்டி ரெண்டாவது எண்ணு. ரெண்டுலயும் எந்த வீடு மலிவோ அதுதான் மலிவு."

இதெல்லாம் கூட்டல் வகுத்தல். ஆனால் கணக்குப் போடுவதற்கு முன்னால் ஒவ்வொரு அழைப்பிலும் முதல் வாக்கியமாக அவர் கேட்டது வேறு. "நாங்க இந்தியர். பரவாயில்லையா?" பாதிப் பேர் பரவாயில்லை என்றார்கள். மீதிப் பேரில் சிலர் வீடு போய்விட்டது என்றார்கள், சிலர் நேராகவே வேண்டாம் என்றார்கள். சில விளம்பரத்தில் 'இந்தியர் வேண்டாம்' என்ற வரி அடியிலேயே இருந்தது, ஸ்கிரீன்ஷாட் எடுத்தவன் பார்க்கவில்லை. அந்த வீடுகளுக்கு நேராக நோட்டில் ஒரு கோடு மட்டும் இழுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போவார். எனக்கு உடம்பெல்லாம் எரியும். அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி முழுக்க இப்படியே போனது. ஒவ்வொரு ஞாயிறும் ஆறு மணிக்குப் பட்டியல் வரும், ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பும். போய்ப் பார், நாடாவால் அள, மெயின்டனன்ஸ் யார் கட்டுவது என்று எழுத்தில் வாங்கு, பிறகு பணம் கட்டு. இதுதான் அவர் சட்டம். ஊருக்கெல்லாம் வீடு பார்த்தவருக்குத் தனக்கு மட்டும் அமையவில்லை. அவருக்குத் தேவை கீழ்த்தளம். சக்கர நாற்காலி வாசலுக்கு வர வேண்டும், வேன் வாசலில் நிற்க வேண்டும். புக்கிட் செந்தோசாவில் இருப்பதெல்லாம் மின்தூக்கி இல்லாத அடுக்குமாடி. கீழ்த்தள வீட்டைப் பிடித்தவன் விடமாட்டான்.

மார்ச் முதல் சனிக்கிழமை அவர் என்னைக் கூப்பிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ரவி, கெடச்சிருச்சுப்பா. கீழ் வீடு. வாசல்ல ஒரு படிகூட இல்ல. டயாலிசிஸுக்குப் பத்து நிமிஷம். திங்கக்கெழம மாமாவ அங்க விட்டுட்டு, அப்படியே போய் அளந்து பாத்துட்டு புக்கிங் கட்டிடுவேன். சாமான் ஏத்த ஒன் லோரி வேணும்."

"அதுக்கென்னக்கா, நான் இருக்கேன்" என்றேன். அந்த நிமிடம் மனசாரத்தான் சொன்னேன். அதையும் எழுதிவிடுகிறேன், எனக்குச் சாதகமாக இருப்பது அது ஒன்றுதான்.

"ஒனக்கும் பாத்துட்டேன். அதே எடத்துல நாலாவது மாடி, ஐந்நூத்தம்பது வெள்ளி. நீயும் கண்மணியும் பசங்களும் ஏறி எறங்குவீங்க. ஒடம்புக்கு நல்லதுதான்."

மறுநாள் ஆறு மணிக்குப் பட்டியல் வந்தது. அதில் அவருடைய கீழ் வீடும் இருந்தது, தனக்கென்று குறிக்காமல். நான் நேரே போய்க் கேட்டேன்.

"ஒங்களுக்குன்னு பாத்தத ஏன்க்கா எல்லாருக்கும் காட்டினீங்க?"

"பாத்த வீட்டயெல்லாம் போடுறேன்னு சொல்லிட்டு, நல்லத மட்டும் மறைச்சு வெச்சா நான் யாரு? யாராவது கேட்டு வந்தா, நான் எடுக்கிறேன்னு சொன்னா நம்ம ஆளுங்க விட்டுக்குடுக்க மாட்டாங்களா?"

வீட்டுக்கு வந்து பட்டியலை மறுபடி பார்த்தேன். மேல் வீடு: வாடகை ஐந்நூற்றைம்பது, அறுநூற்றைம்பது சதுர அடி. வாடகையை மட்டும் வகுத்தால் எண்பத்தைந்து காசு. மெயின்டனன்ஸ் எழுபது வெள்ளி குடியிருப்பவன் கட்ட வேண்டும், ஆக அறுநூற்றிருபது, தொண்ணூற்றைந்து காசு. முன்பணத்தையும் சேர்த்தால் ஒரு வெள்ளி நான்கு காசு. கீழ் வீடு: வாடகை அறுநூற்றைம்பது, எழுநூறு சதுர அடி. மெயின்டனன்ஸ் வீட்டுக்காரன் கட்டுகிறான், அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி, 'எழுத்தில் வாங்க வேண்டும்' என்று. தொண்ணூற்று மூன்று காசு. முன்பணத்தோடு ஒரு வெள்ளி மூன்று காசு.

விளம்பரத்தைப் பார்த்தால் என் வீடு நூறு வெள்ளி மலிவு. அக்காவின் நோட்டைப் பார்த்தால் அவர் வீடு சதுர அடிக்கு இரண்டு காசு மலிவு. மாதம் முப்பது வெள்ளி கூடப் போட்டால் ஐம்பது சதுர அடி அதிகம், மாடி ஏற வேண்டாம், வேலை முடிந்து வந்து சாமானை வாசலிலேயே இறக்கலாம். எனக்கு மூன்று பிள்ளைகள். அவர்கள் இரண்டே பேர், அவர்களுக்கு எதற்கு எழுநூறு சதுர அடி? இப்படியெல்லாம் யோசித்தேன். மனிதன் திருடப் போகும்போது எவ்வளவு நியாயமாக யோசிக்கிறான் பாருங்கள். கண்மணி தூண்டிவிட்டாள் என்று சொன்னால் நீங்கள் நம்புவீர்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நானாகத்தான் செய்தேன்.

திங்கள் காலை எட்டு மணிக்கு, மாமாவை ஏற்றிக்கொண்டு வேன் தோட்டத்து வளைவைத் தாண்டிய பிறகு, ஏஜெண்டு ஜியாவுதீனைக் கூப்பிட்டேன். விளம்பரப் படத்திலேயே அவர் எண் இருந்தது.

"வீடு இருக்கா பாய்?"

"இருக்கு. ஒரு அம்மா இன்னிக்கி வந்து பாக்கிறேன்னிருக்காங்க."

"பாக்க வேணாம். இப்பவே கட்டினா குடுப்பீங்களா?"

"மொதல்ல யாரு கட்றாங்களோ அவங்களுக்குத்தான்லா."

அறுநூற்றைம்பது வெள்ளியைப் போனிலேயே அனுப்பினேன். இரண்டு நிமிட வேலை.

பதினொரு மணிக்கு அக்கா கூப்பிட்டார். அந்தக் கீழ் வீட்டு வாசலில் நின்று பேசினார். "ரவி, கீழ் வீடு போயிருச்சாம்பா. யாரோ காலைலயே பாக்காமக்கூடக் கட்டிட்டாங்களாம். அளக்கிறதுக்கு நாடா எல்லாம் கொண்டாந்தேன்." குரல் சின்னப் பிள்ளையின் குரல் மாதிரி இருந்தது. அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. "அப்படியாக்கா" என்றேன்.

புதன்கிழமை அவருக்குத் தெரிந்துவிட்டது. ஜியாவுதீன் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார், உங்கள் தோட்டத்து ஆள்தான், லோரி ஓட்டுகிறவர் என்று. மாலையில் என் வீட்டு வாசலுக்கு வந்தார். கத்துவார், மண் வாரித் தூற்றுவார் என்று நினைத்தேன். தூற்றியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி, சண்டையாக்கி, மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

"அளந்தியா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"மெயின்டனன்ஸ் அவன்தான் கட்றான்னு எழுதி வாங்கினியா?"

"இல்லக்கா. வாயால சொன்னாரு."

"அப்பறம் எத நம்பிக் கட்டின?"

அவர் கணக்கை நம்பித்தான் கட்டினேன். அவர் போகத் திரும்பினார். பிறகு, "மாமாகிட்ட சொல்லாத. அவருக்கு ஒன்னப் புடிக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலில் அந்த வீட்டுக்கு நேராக 'எடுக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. பெயர் இல்லை. அவருடைய வீட்டை எடுத்தேன் என்பது இன்றுவரை எங்கள் ஆட்கள் யாருக்கும் தெரியாது.

அப்போதே நான் மாற்றிக்கொண்டிருக்கலாம். ஒப்பந்தம்கூட எழுதவில்லை. இதோ வீடு, நான் மேலே போகிறேன் என்று ஒரு வார்த்தை போதும். நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். நாளைக்கு என்பது எனக்கு மிகவும் சௌகரியமான நாளாக இருந்தது.

அவர் மீதியிருந்த மூன்று வாரமும் தேடினார். கீழ்த்தளமாக நான்கு வீடு வந்தன. இரண்டில் இந்தியர் வேண்டாம் என்றார்கள். ஒன்று தொள்ளாயிரம் வெள்ளி. இன்னொன்றில் உடம்பு முடியாதவர் வேண்டாம், அசம்பாவிதம் ஆனால் பிறகு யாரும் குடிவர மாட்டார்கள் என்று வீட்டுக்காரி சொன்னாளாம். இருபத்தெட்டாம் தேதி தோட்டத்தில் தண்ணீரை நிறுத்தினார்கள். கடைசியில் அக்கா எடுத்தது, எனக்கென்று பார்த்து வைத்த அதே நாலாவது மாடி வீடு.

சாமானை என் லோரியில்தான் ஏற்றினோம். கூலி வாங்கவில்லை, பெரிய மனசு எனக்கு. மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நானும் சோமுவும் இன்னும் இரண்டு பேருமாகத் தூக்கினோம். "மண்டோரு பல்லக்குல போறாருடா, வழி விடுங்க" என்று முதல் மாடியில் சிரித்தார். இரண்டாவது மாடியில் எங்கள் மூச்சிரைப்பைக் கேட்டுக் கேலியை நிறுத்தினார். மேலே போய் இறக்கியதும், "திங்கக்கெழம எறங்கணுமேடா, யாரு வருவா?" என்று கேட்டார்.

முதல் இரண்டு வாரம் நான் போனேன். பிறகு வேலை. எனக்கு இப்போது ரவாங் பக்கம் ஒரு கிடங்கில் லோரி, காலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும். ஒரு நாள் தாமதமானது, ஒரு நாள் போகவே முடியவில்லை. அன்றைக்கு மாமா டயாலிசிஸைத் தவறவிட்டு, இருந்த ஒரு காலும் வீங்கிப் போனார். அதற்குப் பிறகு அக்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் நேப்பாளத்துப் பையன்கள் இருவரைப் பேசி வைத்துக்கொண்டார். என்னிடம் கோபமாகச் சொல்லவில்லை. "நீ வந்தா வருவ, வராட்டி இல்ல. கூலிக்காரன் வந்துருவான்பா" என்றார். அவருக்கும் இப்போது தொழிற்சாலையில்தான் வேலை. பெட்டிகளை எண்ணி எழுதுவது.

நான் D கட்டடத்தில் கீழே. அவர்கள் F கட்டடத்தில் மேலே. நடுவில் ஒரு கார் நிறுத்தம். எனக்குக் கிடைத்த அந்த ஐம்பது சதுர அடியில் துணி துவைக்கும் மெஷினும் பெரிய மகனின் மோட்டார் சைக்கிளும் நிற்கின்றன. திங்கள், புதன், வெள்ளியில் எனக்கு விடுமுறை வந்தால் நான் சன்னலைச் சாத்திக்கொள்வேன். நாற்காலி இறங்குவதைப் பார்க்க முடியவில்லை.

அக்டோபரில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆறு மாத மெயின்டனன்ஸ் பாக்கி, நானூற்றிருபது வெள்ளி. கட்டாவிட்டால் கார் நிறுத்த அனுமதி ரத்து. ஜியாவுதீனைக் கூப்பிட்டேன். ஒப்பந்தத்தைப் பாருங்கள் என்றார். பார்த்தேன், எனக்கு அந்த ஆங்கிலம் பாதிதான் புரிந்தது. யாரிடம் போவேன்? வெட்கம் கெட்டவனுக்கு ஊரெல்லாம் வழி. அக்காவிடமே எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன்.

மாமா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் படித்தார். ஐந்தாவது பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதோ. மெயின்டனன்ஸ் குடியிருக்கிறவரு பொறுப்புன்னு எழுதியிருக்கு. கீழ ஒன் கையெழுத்து."

"அவரு வாயால வேற சொன்னாரேக்கா."

"அதுக்குத்தான் கேள்விக்குறி போட்டிருந்தேன்." அவர் குரல் ஏறவில்லை. "கட்டித்தான் ஆவணும். மூணு தவணையா கட்றேன்னு எழுதிக் குடு, ஒத்துக்குவாங்க. நான் எழுதித் தரேன்."

எழுதித் தந்தார். பிறகு பழக்கம் விடாமல் நீள நோட்டை எடுத்து என் வீட்டுக் கணக்கைத் திருத்தினார். அறுநூற்றைம்பதும் எழுபதும் எழுநூற்றிருபது. எழுநூறால் வகுத்தால் ஒரு வெள்ளி மூன்று காசு. மேல் வீடு தொண்ணூற்றைந்து காசு. எந்த இரண்டு காசுக்காக நான் காலையிலேயே போனை எடுத்தேனோ, அந்த இரண்டு காசு எப்போதும் இருந்ததே இல்லை. எனக்கென்று அவர் பார்த்த வீடுதான் எனக்கு மலிவு. அந்தக் கீழ் வீட்டை அவர் எடுத்திருந்தால், கையெழுத்துக்கு முன்னாலேயே ஐந்தாவது பக்கத்தைப் படித்து அந்த வரியை அடிக்கச் சொல்லியிருப்பார்.

அதே பக்கத்தில், என் வரிக்கு மேலே அவர் வீட்டு வரி இருந்தது. வாடகை ஐந்நூற்றைம்பது. மெயின்டனன்ஸ் எழுபது. அதற்கு அடுத்து, வேறெந்த வீட்டுக்கும் இல்லாத ஒரு கட்டம். தூக்குக் கூலி. ஏற்றி இறக்க நாளுக்கு முப்பது, மாதம் பதின்மூன்று நாள், முந்நூற்றுத் தொண்ணூறு. ஆக ஆயிரத்துப் பத்து வெள்ளி, அறுநூற்றைம்பது சதுர அடி. ஒரு வெள்ளி ஐம்பத்தைந்து காசு. அவ்வளவு விலையில் ஒரு வீடு எங்கள் பட்டியலில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்ததில்லை.

நான் அதைப் படிக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. நோட்டை மூடவில்லை. என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

"சரியா இருக்கா பாரு ரவி. வேற எதுவும் சேக்கணுமா? கழிக்கணுமா?"

இருந்தது. வீட்டை மாற்றிக்கொள்வோம் அக்கா என்ற ஒரு வரி இருந்தது. அதை எழுதினால் முந்நூற்றுத் தொண்ணூறு அப்படியே கழிந்துவிடும். எனக்கும் மாதம் நூறு வெள்ளி குறையும். என் பிள்ளைகள் மாடி ஏறுவார்கள், ஒன்றும் செத்துப்போக மாட்டார்கள். ஆனால் மாற்றினால் ஏன் மாற்றுகிறாய் என்று கண்மணி கேட்பாள், சோமு கேட்பான், உள்ளே படுத்திருக்கும் மாமா கேட்பார். நான் என்ன செய்தேன் என்று எல்லாரிடமும் சொல்ல வேண்டியிருக்கும்.

"எல்லாம் சரியா இருக்குக்கா" என்றேன்.

அவர் நோட்டை மூடி அலமாரியில் வைத்தார். நான் தவணைக் கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி என் வீட்டுக்குப் போனேன்.